தெரிந்து செய்தவனா, தெரியாமல் செய்தவனா?

பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு ஒன்று கிடக்கிறது. அது சுடும் என்று தெரிந்த ஒருவன் அதைத் தொடுகிறான். தெரியாத இன்னொருவனும் தொடுகிறான். யாருடைய கை அதிகமாக வேகும்?

கேட்டவர் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி. பதில் சொல்ல வேண்டியவர் மிலிந்தர். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசர் மெனாண்டரைத்தான் பாலி நூல்கள் இப்படி அழைக்கின்றன. இருவரும் நடத்திய உரையாடல் 'மிலிந்த பஞ்ஹ' என்ற நூலாக நமக்குக் கிடைத்திருக்கிறது. தீமையைத் தெரிந்து செய்பவன், தெரியாமல் செய்பவன் இருவரில் யாருக்குக் கேடு அதிகம் என்பதுதான் அரசர் முதலில் கேட்டது. தெரியாமல் செய்பவனுக்கே அதிகம் என்றார் துறவி. அரசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் தெரியாமல் தவறு செய்யும் இளவரசனுக்கும் அமைச்சனுக்கும் இரண்டு மடங்கு தண்டனை கொடுக்க வேண்டுமா என்று மடக்கினார். அதற்குத்தான் நாகசேனர் இரும்புக் குண்டைக் காட்டினார். சுடும் என்று அறிந்தவன் விரல் நுனியால் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொள்வான். அறியாதவன் உள்ளங்கை முழுக்கப் பற்றிக்கொள்வான். வேகப்போவது அவன் கைதான் என்று அரசரும் ஒப்புக்கொண்டார்.

இதே கேள்விக்கு நேர் எதிரான விடை லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே இயேசு ஒரு எஜமானையும் அவர் வேலைக்காரர்களையும் பற்றிப் பேசுகிறார். எஜமானின் விருப்பம் தெரிந்திருந்தும் அதன்படி நடக்காத வேலைக்காரனுக்கு அடி அதிகம். விருப்பம் தெரியாமல் தப்புச் செய்தவனுக்கு அடி குறைவு. உலகத்து நீதிமன்றங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. நம் வீட்டுப் பெரியவர்களும் இந்தப் பக்கம்தான். "தெரியாம செஞ்சுட்டான், விடுங்க" என்று சொல்லாத அம்மா யார்?

இரண்டு விடைகளும் இவ்வளவு விலகிப் போவதற்குக் காரணம் இரண்டு உவமைகளுக்குள்ளேயே இருக்கிறது. இரும்புக் குண்டுக்கு மனம் கிடையாது. அது யாரிடமும் கோபிப்பதில்லை, யாரையும் மன்னிப்பதுமில்லை. சுடுவது அதன் இயல்பு. எஜமான் அப்படியல்ல, அவர் ஒரு ஆள். அவருக்கு விருப்பம் உண்டு, வருத்தம் உண்டு. அவரோடு வேலைக்காரனுக்கு ஒரு உறவு இருக்கிறது. தெரிந்தே மீறியவன் அந்த உறவை முறிக்கிறான். கிறிஸ்தவத்தில் பாவம் என்பது ஒருவருக்கு எதிராகச் செய்யப்படுவது. பௌத்தத்தில் தீவினை என்பது தன்னைத்தானே சுட்டுக்கொள்வது. மற்ற வேறுபாடுகளில் பல இங்கிருந்து கிளைப்பவை.

ஆனால் தெரியாமை பாவத்தை முழுவதும் அழித்துவிடும் என்று கிறிஸ்தவம் சொல்வதில்லை. பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 4ஆம் அதிகாரத்தில், அறியாமல் பாவம் செய்த சாதாரணக் குடிமகன் பழுதற்ற ஒரு பெண் வெள்ளாட்டைப் பலி கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அறியாமல் செய்ததற்கும் கணக்குத் தீர்க்கத்தான் வேண்டும். துணிகரமாக, கை ஓங்கிச் செய்த பாவத்துக்கோ எண்ணாகமம் 15ஆம் அதிகாரம் பலியே வைக்கவில்லை. அவன் தன் மக்களிடமிருந்து அறுத்துவிடப்பட வேண்டும். சிலுவையில் தொங்கியபோது, தன்னைக் கொல்பவர்கள் செய்வது இன்னதென்று அறியாதிருக்கிறார்கள் என்று சொல்லி அவர்களுக்காக இயேசு மன்னிப்புக் கேட்டதாக லூக்கா எழுதுகிறார். அறியாமை அங்கே மன்னிப்பதற்குக் காரணமாகிறது. அதற்காக மன்னிப்பே தேவையில்லை என்று ஆகிவிடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை பின்னாளில் இதை ஒரு சட்டமாகவே வகுத்தது. சாவான பாவம் என்று சொல்ல மூன்றும் சேர வேண்டும்: காரியம் பாரதூரமானதாக இருக்க வேண்டும், அது தவறு என்ற முழு அறிவு வேண்டும், மனமார்ந்த சம்மதமும் வேண்டும். அறிவு இல்லாவிட்டால் சாவான பாவமும் இல்லை.

நாகசேனர் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயம், தெரியாமல் நேர்ந்த பல செயல்களைக் குற்றமாகக் கொள்வதில்லை. எண்ணமே வினை என்பது புத்தரின் போதனை. காலில் மிதிபட்டு எறும்பு சாவதைக் கொலை என்று அவர் சொல்லவில்லை. பிறகு நாகசேனர் சொன்னது எப்படிப் பொருந்தும்? மிலிந்தரே அதே நூலில் பின்னால் இந்த முரண்பாட்டை எடுத்துக் கேட்கிறார். அவர் சாதாரண ஆள் இல்லை. விநயம் பேசும் தெரியாமை வேறு, நாகசேனர் பேசும் தெரியாமை வேறு என்று பிரித்துக்கொண்டால் விளங்கும். எறும்பு இருப்பதே தெரியாமல் மிதிப்பது ஒன்று. எறும்பைக் கொல்வது தீது என்பதே தெரியாமல், தெம்பாக நசுக்கிக்கொண்டே போவது இன்னொன்று. இரண்டாமவனுக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றாது. அவன் தயங்குவதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை. அந்தத் தெரியாமைதான் அவித்தை.

அவித்தைக்குத் தமிழில் ஒரு அழகான பழைய பெயர் இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குப் பௌத்தம் போதிக்கும்போது, பிறவிச் சங்கிலியின் பன்னிரண்டு கண்ணிகளை விளக்குகிறார். முதல் கண்ணிக்குப் பேதைமை என்று பெயர். அது என்ன என்பதற்கு அவர் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. கண்ணால் கண்டதை மறந்துவிட்டு, முயலுக்குக் கொம்பு உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டதை நம்புவது பேதைமை. ஆக, பேதைமை என்பது தகவல் குறைவு அல்ல. தவறான ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்வது. காப்பியம் பத்துத் தீவினைகளையும் எண்ணுகிறது. கொலை, களவு, காமம் மூன்றும் உடலால் வருபவை. பொய் முதலான நான்கு சொல்லால் வருபவை. மனத்தால் வரும் மூன்றில் கடைசியானது பொல்லாக் காட்சி, அதாவது பிழையான பார்வை. பிழையாகப் பார்ப்பதையே கொலை, களவோடு ஒரே பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

இனி ஒரே ஒரு களவை எடுத்துக்கொண்டு மூன்று சமயங்களிடமும் கொடுத்துப் பார்க்கலாம். அதற்குப் பொருத்தமானது புனித அகுஸ்தீனுடைய பேரிக்காய்த் திருட்டு.

அகுஸ்தீன் கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். இன்றைய அல்ஜீரியாவில் அது சூக் அஹ்ராஸ். பதினாறு வயதில் ஒருநாள் இரவு, கூட்டாளிகளோடு போய், தங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளிக்கொண்டு வந்தார். அந்தக் காய்கள் பார்க்கவும் நன்றாக இல்லை, தின்னவும் நன்றாக இல்லை. அதைவிட நல்ல காய்கள் அவரிடமே இருந்தன. பசியும் இல்லை. கொண்டுவந்ததில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குக் கொட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பிஷப்பான பிறகு, நாற்பதுகளின் நடுவில், தன் வரலாற்றை எழுதத் தொடங்கியவர் இந்தச் சில்லறைத் திருட்டுக்காகப் பக்கம் பக்கமாக மன்றாடுகிறார்.

ஏன்? தனக்குத் தெரிந்திருந்தது என்பதால்தான். திருடுவது தவறு என்று தெரியும். காய் வேண்டாம் என்றும் தெரியும். தவறு என்பதற்காகவே அது இனித்தது என்று அவர் கண்டுகொள்கிறார். கடவுளைப் போல யாருக்கும் கட்டுப்படாதவனாக இருக்க ஆசைப்பட்ட ஒரு திரிந்த மனத்தை அங்கே பார்க்கிறார். தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றும் சொல்கிறார். மனித மனம் என்னும் எந்திரத்தில் அறிவுக்கும் செயலுக்கும் நடுவே சித்தம் என்று ஒன்று இருக்கிறது, அது கோணலாகிவிட்டது என்பது அவர் முடிவு. ஆதாம் காலத்திலிருந்தே எல்லோருக்கும் அது கோணல்தான் என்ற ஜென்மப் பாவக் கொள்கையை மேற்குத் திருச்சபைக்கு வடித்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அவர். ஏதேன் தோட்டத்தில் விலக்கப்பட்ட மரத்தின் பெயரே நன்மை தீமை அறியும் மரம் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதையில் மனிதர் விழுந்தது அறிவில்லாமையால் அல்ல, கீழ்ப்படியாமையால்.

இதே திருட்டை ஒரு பௌத்த அறிஞரிடம் கொடுத்தால், அந்தப் பையனுக்குத் தெரியவே தெரியாது என்பார். விதி தெரியும்; விதி சொல்லும் பொருள் தெரியாது. சுடும் என்று காதால் கேட்டிருக்கிறான், சூட்டை உணரவில்லை. தேரவாத அபிதம்மம் மனத்தின் தீய நிலைகளைப் பன்னிரண்டாக எண்ணுகிறது. எட்டு பேராசையை வேராகக் கொண்டவை, இரண்டு வெறுப்பை வேராகக் கொண்டவை, இரண்டு மயக்கம் மட்டுமே வேரானவை. ஆனால் அந்த மயக்கம், அதாவது மோகம், பன்னிரண்டிலும் கலந்தே இருக்கிறது. பேராசை இல்லாத தீய மனம் உண்டு, வெறுப்பு இல்லாத தீய மனம் உண்டு, மயக்கம் இல்லாத தீய மனம் ஒன்றுகூடக் கிடையாது. முழு விழிப்போடு ஒருவன் தீமை செய்ய முடியும் என்பதையே இந்தக் கணக்கு ஏற்பதில்லை. அகுஸ்தீன் திடுக்கிட்டு நின்ற இடமே பௌத்தத்தில் இல்லை.

இந்து மரபிடம் கொடுத்தால் ஒரே குரலில் பதில் வராது. அது ஒற்றை மரபல்ல என்பதால் அப்படித்தான் வரும். தர்மசாஸ்திரம் லூக்காவின் எஜமானுக்கு நெருக்கமாக நிற்கிறது. அறியாமல் செய்த பாவம் வேதம் ஓதுவதால் தீரும், அறிந்தே செய்ததற்குத் தனித்தனியாகக் கடும் பிராயச்சித்தங்கள் உண்டு என்கிறது மனு நூலின் 11ஆம் அத்தியாயம். கோயில் குளத்தில் முங்கி எழுபவரும், ஜோசியர் சொன்ன பரிகாரத்துக்கு நாள் குறிப்பவரும் செயலாகத்தான் பாவத்தைக் கருதுகிறார்கள்.

ஆனால் பகவத்கீதைக்குள் போனால் பேச்சு மாறுகிறது. மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் அகுஸ்தீன் கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறான். விருப்பமில்லாமல், யாரோ பிடித்துத் தள்ளியதுபோல மனிதன் பாவம் செய்கிறானே, எது அவனைத் தள்ளுகிறது? ஆசையும் சினமும் என்கிறான் கண்ணன். புகை நெருப்பை மூடுவதுபோல, தூசு கண்ணாடியை மூடுவதுபோல அவை அறிவை மூடிக்கொள்கின்றன. ஐந்தாம் அத்தியாயத்தில் இன்னும் ஒரு படி போய், இறைவன் யாருடைய பாவத்தையும் புண்ணியத்தையும் ஏற்பதில்லை, அறியாமையால் அறிவு மூடப்பட்டிருப்பதால்தான் உயிர்கள் மயங்குகின்றன என்கிறான். சங்கரர் இதைத்தான் சங்கிலியாகக் கோத்தார்: அவித்தையிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து செயல். அந்திநேரத்தில் கயிற்றைப் பாம்பு என்று நினைத்துப் பதறுகிறவன் கம்பைத் தேடி ஓடுவதில் பயனில்லை. விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போய்விடும். கொல்லப்படாமலே போய்விடும், ஏனென்றால் அது இருக்கவே இல்லை. பாவமும் அப்படித்தான் என்பதால் எந்தச் சடங்கும் அதன் வேரைத் தொடாது, ஞானம் மட்டுமே தொடும் என்பது அத்வைதம்.

இந்த விடையில் ஒரு ஓட்டை இருப்பதை உணர்ந்தவர்கள் சைவ சித்தாந்திகள். தெரிந்தால் போதும் என்றால், தெரிந்தவர்கள் ஏன் திருந்துவதில்லை? தனக்கு நல்லது எது என்று தெரிந்திருந்தும் அதைச் செய்யாமல், வெறுக்கிற தீமையையே செய்கிறேன் என்று புனித பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் கதறுவது இதைத்தான். சித்தாந்தம் அறியாமையை ஒரு வெறும் பிழையாக வைக்கவில்லை, ஒரு பொருளாகவே வைத்தது. அதற்கு ஆணவ மலம் என்று பெயர். நெல்லோடு உமி பிறப்பதுபோல, செம்போடு களிம்பு இருப்பதுபோல உயிரோடு அது தொடக்கமே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் அதை இருட்டோடு ஒப்பிட்டு, இருட்டைவிடக் கொடியது என்கிறார். இருட்டில் எந்தப் பொருளும் தெரியாது, ஆனால் இருட்டு இருப்பது தெரியும். ஆணவம் தன் இருப்பையும் காட்டாது. நான் அறியாதவன் என்பதையே அறியவிடாது.

அதனால் மருந்தும் மாறுகிறது. கயிற்றுப் பாம்புக்கு விளக்கு போதும். கண்ணில் படலம் விழுந்தவனுக்கு விளக்கு எதற்கு? படலத்தை எடுக்க மருத்துவர் வேண்டும். சைவ ஆகம ஆசிரியர்கள் எடுத்துக்காட்டிய உவமைதான் இது. நோயாளி தனக்குப் படலம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதால் மட்டும் படலம் கரையாது. வெளியிலிருந்து ஒரு கை வர வேண்டும். அந்தக் கைக்கு அவர்கள் திருவருள் என்று பெயரிட்டார்கள், தீட்சை தரும் குருவின் வடிவில் அது வரும் என்றார்கள். அறியாமையே வேர் என்ற இந்திய வழியில் நின்றுகொண்டே, மனிதன் தானாக மீள முடியாது என்ற இடத்துக்கு வந்துசேர்ந்தது சித்தாந்தம். அகுஸ்தீனும் அருளுக்குத்தான் வந்தார், ஆனால் வேறு பாதையில். 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ், முதல் பாவத்தால் மனித இயல்புக்கு ஏற்பட்ட நான்கு காயங்களைச் சொல்லும்போது அறியாமையை அவற்றில் ஒன்றாக வைக்கிறார். அவருக்குப் பாவம் முன்னது, அறியாமை அதன் விளைவு. மெய்கண்டார் மரபில் அறியாமை முன்னது, வினை அதன் பின்னால் வருவது. இரண்டு பக்கமும் இரண்டுமே இருக்கின்றன. எது வேர், எது கிளை என்பதில்தான் வழக்கு.

வேர் எது என்பது நூலறிஞர்களின் வழக்கு மட்டுமல்ல. ஒரு குற்றவாளியை அது எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள். இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய குற்றவாளி, தான் தண்டனைக்கு உரியவனே என்று ஒப்புக்கொண்டு, தன்னை நினைத்துக்கொள்ளும்படி கேட்கிறான். அன்றைக்கே பரதீசு அவனுக்கு வாக்களிக்கப்படுகிறது. அவன் ஞானி ஆகவில்லை, மன்னிக்கப்பட்டான். பௌத்தத்தில் அங்குலிமாலன் இருக்கிறான். கொன்றவர்களின் விரல்களை மாலையாக அணிந்த அந்தக் கொள்ளைக்காரன் புத்தரைச் சந்தித்துத் துறவியாகி, ஞானமும் அடைந்துவிடுகிறான். பிறகு சாவத்தி நகரில் பிச்சைக்குப் போகிறான். கல்லும் கழியும் அவன் மேல் விழுகின்றன. தலை உடைந்து, ஓடு உடைந்து, துவராடை கிழிந்து, ரத்தம் ஒழுக வந்து நிற்கிறான். புத்தர் அவனைத் தழுவி மன்னிக்கவில்லை, பொறுத்துக்கொள் என்கிறார். பல காலம் நரகில் அனுபவிக்க வேண்டிய வினைப்பயனை இப்போதே அனுபவிக்கிறாய் என்கிறார். அவன் ஞானி ஆனான், ஆனால் மன்னிக்கப்படவில்லை. மன்னிக்க அங்கே யாரும் இல்லை. இரும்புக் குண்டு யாரையும் மன்னிப்பதில்லை.

இந்த இரண்டு உலகங்களும் தமிழுக்குள் சந்தித்துக்கொண்டதற்குச் சாட்சிகள் உண்டு. முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கர்களுக்காக அண்டிரிக் அடிகளார் எழுதி, 1580இல் கொச்சியில் அச்சான நூல் ஒரு பாவசங்கீர்த்தனக் கையேடு. தமிழில் முதன்முதலில் அச்சேறிய நூல்களில் ஒன்று, செய்த பாவங்களை எப்படி எண்ணிச் சொல்வது என்று கற்றுத்தரும் நூலாக இருந்தது. அதற்குப் பிறகு 133 ஆண்டுகள் கழித்து, 1713இல், லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட சிறுநூலின் தலைப்பு 'அக்கியானம்'. மெய்யான கடவுளை அறியாமல் வேறு தெய்வங்களை வணங்குவதை அந்தச் சொல்லால் குறித்தார். சைவரும் வேதாந்தியும் உயிரின் மூலநோய்க்கு வைத்த பெயரையே எடுத்து அவர்கள் வழிபாட்டுக்குச் சூட்டினார். பாவத்தைப் போதிக்க வந்த சமயம், தமிழ் மண்ணில் பேசத் தொடங்கியதும் அறிவு, அறியாமை என்ற சொற்களைத் தேடிப்போக வேண்டியிருந்தது. மதுரையில் தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட ராபர்ட் தெ நொபிலியும் தன் பெரிய நூலுக்கு ஞானோபதேசம் என்றே பெயரிட்டிருந்தார்.

பாவம் என்ற சொல்லுக்குத் தமிழ் மக்கள் வாயில் இன்னொரு பொருளும் உண்டு. வெயிலில் சுமை தூக்கிப் போகும் கிழவியைப் பார்த்தால் "பாவம்" என்பார்கள். அவள் குற்றம் எதையும் அங்கே யாரும் சொல்லவில்லை, அவள் படும் துன்பத்தைத்தான் சொல்கிறார்கள். செய்த தவறையும் படுகிற துன்பத்தையும் ஒரே சொல்லால் சுட்டும் பழக்கம் நம் பேச்சில் இருக்கிறது.

தமிழகத் தேவாலயங்களில் இன்றும் குழந்தையின் தலையில் நீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கிறார்கள். ஜென்மப் பாவத்தைக் கழுவும் சடங்கு அது. மக்கள் அதைப் பாவஸ்நானம் என்று அழைப்பதில்லை. ஞானஸ்நானம் என்றுதான் அழைக்கிறார்கள்.